ஒருத்திக்கு மட்டும் பொருந்துற வரி

ஹரிப்ரியா வாயில் 'ஹூ' வந்தால் 'ஷீ'யும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு விரட்டினாலும் போகாது. "ஷீ இஸ் த லேடி ஹூ ஷீ கால்டு எஸ்டர்டே" என்று அவள் சொல்லி முடிக்கிறபோதெல்லாம் விஷால் சார் கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு நாற்காலியில ரெண்டு பேர் உக்கார முடியாதும்மா. ஹூ உக்காந்தாச்சுன்னா ஷீ எழுந்துக்கணும்" என்பார். வகுப்பே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வேறென்ன செய்வது?

2006, மே மாதம். சிங்கப்பெருமாள் கோயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு கட்டடம். கீழே செல்போன் கடை, மாடியில் ஒரு கம்பெனி. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு வருகிற போனையெல்லாம் இங்கிருந்து எடுத்துப் பேசுவது அவர்கள் தொழில். பதினான்கு பேரைப் பிடித்து ஆறு வாரம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை பரீட்சை. பாஸானால் கையில் ஆர்டர், இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. அவ்வளவுதான் விஷயம்.

இன்ஷூரன்ஸ் போனுக்கு எதற்கு இந்த ஹூ, விச், தட் என்று நீங்கள் கேட்கலாம். ஹரிப்ரியாவும் முதல் நாள் கேட்டாள். விஷால் சார் சொன்ன பதில் இது: போனில் முகம் தெரியாது. நீ யாரைப் பற்றிப் பேசுகிறாய், எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறாய் என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரியவேண்டும். நேற்று கூப்பிட்ட பெண்மணி. போன மாதம் இடித்துக்கொண்ட கார். பேசி முடித்ததும் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரிதான் எழுத இடம். அடுத்த ஷிப்ட்காரன் அதைப் படித்ததும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆளுக்கு 'ஹூ', பொருளுக்கு 'விச்', இரண்டுக்கும் பொதுவாக 'தட்'.

"நம்ம பாஷையில கதையை எல்லாம் முதல்ல சொல்லிட்டுக் கடைசியில ஆளை நிறுத்துவோம். நேத்து பஸ்ஸுல என் காலை மிதிச்ச ஆளு. இங்கிலீஷ்காரன் ஆளை முதல்ல நிறுத்திட்டு அப்புறம் கதையைச் சொல்வான். த மேன் ஹூ ஸ்டெப்டு ஆன் மை ஃபுட். திருப்பிப் போடப் பழகிட்டா போதும், மீதி எல்லாம் சும்மா."

அவருக்குச் சும்மா. செங்கல்பட்டில் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, தட்டுத்தடுமாறி பி.காம். முடித்தவளுக்கு அது சும்மாவா? அப்பா சதாசிவத்துக்குக் கல்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலையத்து கேன்டீனில் வேலை. இந்த வருடம் ரிட்டையர்டு. "இது ஒண்ணு பாரு. கெடைக்கலைன்னா ஆவணியில கல்யாணம்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை சம்பத்தை அவளுக்குத் தெரியும். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் பல்லைக் குத்திக்கொண்டு நிற்கிற ஆள். அந்த ஞாபகம் வந்தாலே ராத்திரி ஒரு பாடம் கூடப் படிப்பாள்.

படிக்க வைத்தது என்னவோ ஜாக்குலின்தான். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே அறையை இரண்டு பேரும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஜாக்குலினுக்கு அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். அவள் அப்பாவும் அம்மாவும் காலம் பூரா அடுத்தவன் கழனியில் குனிந்து நிமிர்ந்தவர்கள். சர்ச் சாமியார் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் படித்ததால் அவளுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. தமிழ் மட்டும் அவள் ஊர்த் தமிழ்தான்.

"இன்னா பெரிய இங்கிலீஷு," என்பாள் சட்டியைக் கழுவிக்கொண்டே. "இந்தா, இந்தக் கரண்டியப் பாரு. இன்னான்னு சொல்லுவ?"

"திஸ் இஸ் த ஸ்பூன் விச் இட் இஸ் பென்ட்."

"அந்த இட்ட தூக்கிக் கடாசு. விச்சே கரண்டிதாண்டி. மறுபடி எதுக்குக் கரண்டி?"

இப்படித்தான் அந்த அறையில் இருந்த பாய், தலையணை, கொசுவத்தி, பக்கத்து வீட்டு மாமி, அவர் வளர்த்த பூனை எல்லாம் ஒவ்வொரு வரியாக மாறின. ஐந்தாவது வாரம் ஹரிப்ரியா நாற்காலியிலிருந்து 'ஷீ' எழுந்துகொண்டது. பத்துக்கு ஏழு தடவையாவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனார்கள். சும்மா காற்று வாங்கத்தான், ஆனால் ஜாக்குலின் அங்கேயும் விடவில்லை. வெண்ணெய் உருண்டைப் பாறையைக் காட்டிச் சொல் என்றாள். கடற்கரையில் சங்கு விற்கிறவனைக் காட்டிச் சொல் என்றாள். ஒரு சின்னப் பெண் ஐஸ் தின்றுகொண்டே அம்மா புடவையில் கையைத் துடைத்தது. "இத சொல்லு" என்று ஹரிப்ரியா இந்தத் தடவை மடக்கினாள். ஜாக்குலின் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கும் ஒண்ணு கீது" என்றாள்.

ஷைனி. மூன்று வயது முடியப் போகிறது. அப்பன் லோடு வண்டி டிரைவர், கல்யாணம் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், ஒரு நாள் சொல்வதையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். குழந்தை அக்கா ஜெசிந்தா வீட்டில் வளர்கிறது. அக்காவுக்கும் அவள் வீட்டுக்காரர் ஜான்சனுக்கும் எட்டு வருஷமாகக் குழந்தை இல்லை. ஜான்சனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்திருந்தது. ஜூன் முதல் வாரம் கிளம்புகிறார்கள்.

"அக்கா சொல்லிடுச்சு. வேலை கெடச்சு, வூடு எடுத்தின்னா கொயந்தைய இட்டுனு போ. இல்லன்னா நாங்க இட்டுனு பூடறோம், அங்க எல்.கே.ஜி. சேக்கறப்ப எங்க பேரதான் போடுவோம்னு. தப்புன்னு சொல்ல முடியுமா? மூணு வருஷமா சோறு ஊட்டறது அதுதான்."

"கம்பெனியில தெரியுமா?"

"பைத்தியமா நீ? நைட் ஷிப்ட்டுக்குக் கொயந்தக்காரிய எடுக்க மாட்டான்னு இங்க சேத்து உட்ட ஏஜென்டு அப்பவே சொல்லிட்டான். ஃபாரத்துல கல்யாணம் இல்ல, கொயந்த இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆர்டர் கைக்கு வந்து ஆறு மாசம் ஆவட்டும், அப்பால யாரு கேக்கப் போறா? நீ எங்கனா வாய உட்டுடாத."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் ஹரிப்ரியா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். அவளைப் போல ரகசியம் காப்பவள் செங்கல்பட்டு வட்டாரத்திலேயே கிடையாது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு கட்டம் பரீட்சை. முதல் கட்டத்தில் போனில் பேசிக் காட்ட வேண்டும். அதில் ஹரிப்ரியா சொதப்பிவிட்டாள். 'ஷீ' திரும்ப வந்து ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. இரண்டாவதில் முழு மார்க் எடுத்தால்தான் பிழைப்பு என்று விஷால் சாரே காதில் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது கட்டம் சீட்டுக் குலுக்கல். ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும், அதில் வகுப்பில் உள்ள ஒருவர் பெயர் இருக்கும். அவரைப் பற்றி ஒரு அட்டையில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். பெயர் கூடாது. உள்ளே 'ஹூ' இருக்க வேண்டும். அந்த வரி அந்த ஒருத்தருக்கு மட்டும்தான் பொருந்த வேண்டும், அறையில் இன்னொருத்தருக்கும் பொருந்தினால் செல்லாது. "கண்ணாடி போட்ட பொண்ணுன்னு எழுதினா இங்க நாலு பேர் இருக்காங்க. அது அடையாளம் இல்ல, சும்மா வர்ணனை" என்றார் விஷால் சார். பதினைந்து நிமிஷம் நேரம்.

ஹரிப்ரியா சீட்டைப் பிரித்தாள். ஜாக்குலின். அப்பாடா என்றிருந்தது. ஒரே அறையில் படுத்து எழுகிறவளைப் பற்றி ஒரு வரி எழுதுவதா கஷ்டம்?

கஷ்டமாகத்தான் இருந்தது. அச்சரப்பாக்கத்திலிருந்து வருகிற பெண் என்று எழுதினாள். பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு பெண்ணும் அதே ஊர். அடித்தாள். நன்றாக இங்கிலீஷ் பேசுகிற பெண் என்று எழுதினாள். ஸ்வாதியும் பேசுவாள், கான்வென்ட்காரி. அடித்தாள். ரயில்வே கேட் பக்கத்தில் குடியிருக்கிற பெண் என்றால் அது அவளுக்கும் பொருந்தும். நீளமான தலைமுடி? மூன்று பேர். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த பெண்? எழுதப் போனாள், விஷால் சார் "ஐயோ, அப்ப நான் எதுக்கு?" என்று சிரிப்பாரே என்று விட்டுவிட்டாள். அதை எழுதியிருக்கலாம். எத்தனை தடவை பின்னால் நினைத்துப் பார்த்தாள், அதையே எழுதித் தொலைத்திருக்கலாமே என்று.

இன்னும் மூன்று நிமிஷம் என்று குரல் வந்தது. ஆவணி கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அந்த வரி தானாக வந்து விழுந்தது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு 'ஷீ' இல்லை. 'ஷீ இஸ் த கேர்ள் ஹூ லெஃப்ட் ஹெர் டாட்டர் வித் ஹெர் சிஸ்டர் அண்ட் கேம் ஹியர் டு எர்ன் ஹெர் பேக்.' மகளை அக்காவிடம் விட்டுவிட்டு, அவளைத் திரும்பப் பெறுவதற்காக இங்கே வந்த பெண்.

நம்ப மாட்டீர்கள், அதை எழுதியபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆறு வாரத்தில் இப்படி ஒரு வரி அவள் எழுதியதே இல்லை. பயம் வராமலும் இல்லை. ஆனால் ஐந்து வாரமாக விஷால் சார் அட்டைகளை வாங்கிக்கொண்டு போய், ஹூ சரியா, விச் சரியா என்று மட்டும் பார்த்து டிக் அடித்துக் கொடுத்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டாரா? ஒரு தடவை அவள் தன் மாமாவைத் திருடன் என்று எழுதிக் கொடுத்ததற்கே 'குட்' போட்டிருந்தார். இதையும் அப்படித்தான் டிக் அடிப்பார் என்று அட்டையைக் கொடுத்துவிட்டாள்.

அட்டைகளை அடுக்கிக்கொண்டு விஷால் சார் திரும்பியபோது கதவு திறந்தது. ஆள் எடுக்கிற பிரிவின் ஆபீசர் வாசுதேவன் உள்ளே வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கத்துகிற ஆள் இல்லை, மெதுவாகத்தான் பேசுவார்.

"கட்டு கட்டா மார்க் போட்டு அனுப்பறீங்க விஷால், சீட்ல உக்காந்ததும் ஒண்ணும் வரல. எழுதினது ஆளைக் காட்டுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தமாப் படிங்க. அது யாரோ அவங்க எழுந்து நிக்கட்டும். ஒருத்தர் நின்னா எழுதினவங்க பாஸ். ரெண்டு பேர் நின்னாலும், யாரும் நிக்கலைன்னாலும் ஃபெயில்."

விஷால் சார் கையில் இருந்த அட்டைக் கட்டையே ஹரிப்ரியா பார்த்தாள். எழுந்து போய், சார், என் அட்டையைக் கொடுங்க, தப்பா எழுதிட்டேன் என்று கேட்க வேண்டியதுதானே? கேட்டிருக்கலாம். கால் எழவில்லை. எழவில்லையா, எழுப்பவில்லையா? உண்மையைச் சொன்னால் அவள் எழுப்பவில்லை. கேட்டால் ஃபெயில் என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

முதல் அட்டை. காலையில் எப்போதும் தாமதமாக வருகிற பையன். பாலா எழுந்தான், எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது, டிபன் டப்பாவில் தினமும் புளியோதரை கொண்டு வருகிற பெண். ஸ்வாதி எழுந்தாள். மூன்றாவதுக்கு இரண்டு பேர் எழுந்து, எழுதினவன் முகம் தொங்கிப் போனது. இப்படியே போய் ஒன்பதாவது அட்டையை விஷால் சார் எடுத்தார். வாய் பாதி திறந்தவர் நிறுத்திவிட்டார். ஒரு தடவை மனசுக்குள் படித்தார். "சார், இது வேணாம்..." என்று பின்னால் பார்த்தார்.

"படிங்க," என்றார் வாசுதேவன்.

படித்தார்.

யாருக்கும் எதுவும் தெரியாது அல்லவா, எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிப்ரியா தலையைக் குனிந்துகொண்டு, உட்காரு ஜாக்கு, எழுந்துக்காத, நான் ஃபெயில் ஆனா ஆகிட்டுப் போறேன், உட்காரு உட்காரு என்று மனசுக்குள் கெஞ்சினாள். அந்த ஒரு நிமிஷம் அவள் நிஜமாகவே ஃபெயில் ஆகத் தயாராகத்தான் இருந்தாள். அதைச் சத்தமாகச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

"யாரும் இல்லையா? அப்ப இது செல்லாது," என்று வாசுதேவன் பேனாவைத் திறந்தார்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஜாக்குலின் எழுந்து நின்றாள்.

"தட் இஸ் மீ, சார்."

வாசுதேவன் அவளைப் பார்த்தார், கையில் இருந்த ஃபைலைப் புரட்டினார். "ஃபார்ம்ல குழந்தை இல்லைன்னு எழுதியிருக்கே."

"ஆமா சார். பொய் எழுதினேன்."

"சார், இந்த பேட்ச்லயே இவங்க இங்கிலீஷ்தான்..." என்று விஷால் சார் ஆரம்பித்தார்.

"இங்கிலீஷ்ல குறை ஒண்ணும் இல்ல. ஃபார்ம்லதான் குறை. கீழ கையெழுத்துப் போட்டிருக்காங்க, தவறான தகவல் கொடுத்தா சேர்க்க மாட்டோம்னு. இன்னைக்கு இவங்களை விட்டா நாளைக்கு எல்லாரும் எழுதுவாங்க." கோபமே இல்லாமல் சொன்னார். கோபம் இருந்திருந்தால் கெஞ்சியாவது பார்த்திருக்கலாம். பிறகு அட்டையை வாங்கித் திருப்பி எழுதியவள் பெயரைப் பார்த்தார். "ஹரிப்ரியா யாரு? நல்ல வரி. ஒரே ஆளுக்குத்தான் பொருந்துது."

பாஸ்.

சாயங்காலம் இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். ஜாக்குலின் பையில் ஆறு வாரத் துணிமணி. ஹரிப்ரியாவுக்கு அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அடிப்பாள், வைவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படியாவது நடந்தால் தேவலை என்றிருந்தது.

"எதுக்கு எழுந்த? உக்காந்திருந்தா யாருக்குத் தெரியும்? நான்தானே ஃபெயில் ஆகியிருப்பேன்," என்றாள்.

"உனக்காவ எழுந்தேன்னு நெனச்சுக்காத." ஜாக்குலின் ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். "மூணு வருஷமா எங்க போனாலும் இல்ல இல்லன்னே சொல்லிகினு வர்றேன். வூட்டுக்காரம்மா கேட்டா இல்ல. ஃபாரத்துல இல்ல. கோயில்ல சாமியாரு கேட்டா கூட இல்ல. இன்னிக்கு அந்தாளு நடு ரூம்ல படிக்கிறாரு, மகளை உட்டுட்டு வந்த பொண்ணுன்னு. எனக்குப் பொண்ணு கீதுன்னு வெளில சத்தமா ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்லடி. அத கேட்டுகினு, அது நான் இல்லன்னு எப்டி உக்காந்துகினு இருக்கறது? காலு தானா எழுந்துகிச்சு."

"இப்ப என்ன பண்ணுவ?"

"தெரியல. பத்து நாள் கீது. செருப்புக் கம்பெனில கேக்கணும்."

"நான் போய் சார்கிட்ட பேசறேன். நான் வேலையை வேணாம்னு..."

"பேசாத கெட. நீ வேணாம்னா எனக்கா குடுக்கப் போறான்? வாங்கினத ஒயுங்கா செய்யி."

பஸ் வந்தது. கூட்டம். பையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கிற மாதிரி இடமும் இல்லை.

ஹரிப்ரியா வேலையில் சேர்ந்தாள். அப்பா ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்தார். சம்பத் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவளுக்கு ஒரு வாய் சோறு சரியாக இறங்கவில்லை, ஆனாலும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜூன் பாதியில் மனசு கேட்காமல் அச்சரப்பாக்கத்துக்குப் போன் போட்டாள். பக்கத்து வீட்டு நம்பர்தான். அந்த வீட்டு அம்மா போய் ஜாக்குலினைக் கூட்டி வர ரொம்ப நேரம் ஆனது.

"வேலை எதுனா கெடச்சுதா ஜாக்கு?"

"செருப்புக் கம்பெனில சேத்துகினாங்க. ஒரு வாரம் ஆச்சு. சோல் ஒட்டறது."

"ஷைனி?"

"அஞ்சாம் தேதி கெளம்பிட்டாங்க. நான்தான் பஸ்ஸுக்கு இட்டுனு போனேன். ஸ்கூல்ல சேத்தாச்சாம், போன் பண்ணுச்சு அக்கா. அம்மா பேரு ஜெசிந்தான்னு போட்டாங்களாம்."

"அழுதாளா?"

"யாரு, அதுவா? அது எதுக்கு அழுவப் போவுது? பஸ்ஸுல போற சந்தோஷம் அதுக்கு. ஜன்னலாண்ட உக்காந்துகினு கைய ஆட்டுச்சு. 'சித்தி, டாட்டா'ன்னுச்சு. நானும் டாட்டா சொன்னேன்."